ஆடியில் அடகு, தையில் மீட்பு: ஒரு கதைக்கான வீட்டுக்கணக்கு

கேள்வி: கணவருக்கு வேலை போன பிறகு மாதச் செலவை இழுத்துப்பிடித்து ஓட்டும் ஒரு அம்மாவைப் பற்றிச் சிறுகதை எழுதுகிறேன். களம் கும்பகோணம் பக்கத்துக் கிராமம். படிக்கிறவர்கள் "கணக்கு உதைக்கிறதே" என்று சொல்லிவிடக் கூடாது. அவள் வரவு செலவை எப்படி அமைப்பது?

முதலில் ஆண்டையும் மாதத்தையும் முடிவு செய்துவிடுங்கள். "ஒரு கிராமத்தில் ஒரு அம்மா" என்று பொதுவாக வைத்தால் எந்த விலையும் நிற்காது. 2024 ஆடியை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் மேட்டூர் அணையை அந்த ஆண்டு நீர் இல்லாததால் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆழ்துளைக் கிணறும் பம்ப்செட்டும் இருந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்குக் குறுவை இல்லை. உங்கள் கதையின் கணவர் ஒரு சின்ன நெல் அரவை மில்லில் மாதம் 18,000 ரூபாய்க்குக் கணக்கும் சரக்குப் பொறுப்பும் பார்ப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடை நெல் அரைத்து முடிந்துவிட்டது. புரட்டாசி, ஐப்பசியில் வர வேண்டிய குறுவை நெல் வராது என்று முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. ஜூலை 15-ல் அரை மாதச் சம்பளம் 9,000-ஐக் கையில் கொடுத்து, "தையில சம்பா வரட்டும், பாப்போம்" என்று அனுப்பிவிடுகிறார். வேலை போன காரணமும் அது திரும்பக் கிடைக்கக்கூடிய காலமும் இந்த ஒரு வாக்கியத்திலேயே வந்துவிடும். கதையின் நீளம் ஆடி முதல் தை வரை, ஆறு மாதம்.

மில்லில் எட்டுப் பேர்தான் வேலை செய்கிறார்கள் என்று ஓரிடத்தில் சொல்லிவிடுங்கள். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் குறைந்தது 20 பேர் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் கட்டாயம். ஈ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேராவது வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், விவரம் தெரிந்த வாசகர் "பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பிறகு உங்கள் கதை நகராது.

இனி அவள் நோட்டு. சம்பளம் வந்துகொண்டிருந்தபோது மாதம் இப்படிப் போயிருக்கும். மகளிர் குழுக் கடன் தவணை 2,200. பைக் தவணை 2,400. பொன்னி அரிசிச் சிப்பம் உட்பட மளிகை 3,800. காய்கறியும் மீனும் 2,400. பால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், பச்சைப் பாக்கெட் அரை லிட்டர் 22 என்றால் 1,320. கேஸ் 850. மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 250, அதாவது மாதம் 125. மகள் டியூஷன் 600. பெட்ரோல் 1,500. போன், கேபிள் 550. ஏற்கெனவே எடுத்துவிட்ட சீட்டுக்குக் கட்டுவது 1,000. மொத்தம் 16,745. மிச்சம் 1,255-ல் மருந்து, மாத்திரை, மொய் எல்லாம் அடங்கும். சொந்த ஓட்டு வீடு, கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு தென்னை. வாடகை இல்லை.

வேலை போன பிறகு எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்க முடியாது என்பதில்தான் பல கதைகள் தவறுகின்றன. எழுதுகிறவர்கள் எல்லாச் செலவையும் பாதியாக்கிவிடுகிறார்கள். உண்மையில் குழுவும் பைக்கும் சீட்டும் சேர்ந்த 5,600 ரூபாய் ஒரு பைசா குறையாது. டியூஷனை அவள் குறைக்க மாட்டாள், பெண் ஒன்பதாவது. கேஸும் மின்சாரமும் உடனே குறைவதில்லை. குறைவது மளிகை (இனி 2,000), காய் (இனி 1,200), பால் அரை லிட்டர் (இனி 660), பெட்ரோல் (இனி 300), போன் (இனி 250). எல்லாச் செலவையும் கூட்டினால் 11,585 வரும். அத்தனை இழுத்துப்பிடித்தும் மிச்சமானது 5,160தான்.

வரவுக்கு வருவோம். அவளுக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிறது. 2023-ல் விண்ணப்பித்தபோது குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். 18,000 சம்பளத்துக்கு ஆண்டு வருமானம் 2,16,000, பொருந்திவிடுகிறது. ரவிக்கை தைத்து 2,500. கணவர் கூலிக்குப் போவது மாதத்தில் ஆறு நாள், நாளுக்கு 600 என்றால் 3,600. ஆக 7,100. பற்றாக்குறை 4,485. இந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உங்கள் மேசையில் ஒட்டிவையுங்கள், கதை முழுவதும் இதன் மேல்தான் நடக்கப்போகிறது.

ஆனால் தொகையை மட்டும் சரியாக வைத்தால் போதாது. அந்த வீட்டை நெருக்குவது தேதி. கடன்காரர்கள் மாதத்தின் முதல் பத்து நாளில் வருகிறார்கள், வரவு கடைசிப் பதினைந்து நாளில் வருகிறது. முன்பு 5-ஆம் தேதி சம்பளம், 7-ஆம் தேதி குழு, 10-ஆம் தேதி பைக்கும் பால் கணக்கும். இப்போது 5-ஆம் தேதி ஒன்றும் வராது. உரிமைத் தொகை 15-ஆம் தேதிவாக்கில் வரும். ரவிக்கைப் பணம் அதற்கும் பிறகு. ஏனென்றால் ஆடியில் முகூர்த்தம் இல்லை, புதுத் துணி தைக்கக் கொடுப்பவர்கள் குறைவு. அந்த ஆண்டு ஆவணி பிறந்தது ஆகஸ்ட் 17-ல். அதற்குப் பிறகுதான் கல்யாணத் துணிகள் வரும். லைனிங் வைத்த ரவிக்கைக்கு 200 வாங்கினால் லைனிங் துணி, நூல், கொக்கிக்கு ஐம்பது ரூபாய் அவள் கையிலிருந்து முதலில் போகும். தெரிந்தவர்கள் துணியை வாங்கிக்கொண்டு, "அடுத்த வாரம் தர்றேன்" என்பார்கள். நூறு நாள் வேலைக்கு அனுப்பலாமா என்று நீங்கள் யோசிக்கலாம். அந்த ஆண்டு தமிழ்நாட்டுக் கூலி 319 ரூபாய். வேலை கிடைத்தாலும் பணம் கணக்கில் ஏற வாரக்கணக்காகும். 7-ஆம் தேதித் தவணைக்கு அது உதவாது.

அந்த 7-ஆம் தேதியைக் கொஞ்சம் விரித்து எழுதுங்கள். மளிகைக் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்வார், பால்காரர் ஒரு வாரம் பொறுப்பார். மின்கட்டணத்துக்கு ரீடிங் எடுத்த நாளிலிருந்து இருபது நாள் கிடைக்கும். குழுக் கடன் அப்படி இல்லை. காலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடி, ஒவ்வொருவராக எண்ணி வைக்க வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து போட வேண்டும், அல்லது வசூலுக்கு வந்தவர் கிளம்பாமல் உட்கார்ந்திருப்பார். அவளை வற்புறுத்துவது அந்த நிறுவனம் என்பதைவிட, கூட உட்கார்ந்திருக்கும் ஒன்பது பெண்கள். அவர்களில் ஒருத்தி நாற்று நட அவளோடு வயலில் இறங்கியவள், இன்னொருத்தி அவள் பிரசவத்துக்குத் துணை நின்றவள். ஆகவே எந்தக் கடனை விட்டாலும் இதை விடமாட்டாள். "குழுத் தவணை கட்ட இன்னொரு குழுவில் கடன் வாங்கினாள்" என்று எழுதப் போகிறீர்கள் என்றால் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். இப்படிப்பட்ட கடன் கொடுக்கும்போது, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் வரம்பு வைத்தது. சம்பளம் இருந்தபோது குழுவும் பைக்கும் சேர்ந்த 4,600 வருமானத்தில் கால் பங்குதான். இப்போது 7,100-ல் அது 65 சதவீதம். வேலை போனதை மறைத்துப் பொய் வருமானம் சொன்னால்தான் புதுக் கடன் கிடைக்கும். அவள் அந்தப் பொய்யைச் சொல்வாளா என்பது உங்கள் பாத்திரத்தைப் பொறுத்தது. என் கணக்கில் சொல்ல மாட்டாள். நகையை வைப்பாள்.

அதற்கு முன் அடுக்களை. மளிகையில் 1,800 குறைந்தது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: 25 கிலோ பொன்னிச் சிப்பம் நின்றுவிட்டது. இதுவரை இட்லிக்கு மட்டும் பயன்பட்ட ரேஷன் அரிசி இப்போது சோறாகிறது. நான்கு பேர் கொண்ட முன்னுரிமை அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கும். துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை இரண்டு கிலோ 50 ரூபாய். மொத்தம் 105 ரூபாய் செலவில் கடையிலிருந்து வருவாள். நான்கு பேருக்குச் சோறு, டிபன் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு கிலோ அரிசி வேண்டும். பையன் நாலாவது, அரசுப் பள்ளி. காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் அங்கேயே. பெண்ணுக்கும் மதிய உணவு உண்டு, பத்தாம் வகுப்பு வரை கொடுக்கிறார்கள். இதுவரை வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுபோன பெண் இனிமேல் வரிசையில் தட்டோடு நிற்க வேண்டும். பள்ளி நடக்கும் 22 நாளில் இதனால் நாலைந்து கிலோ மிச்சமாகும். இன்னும் ஐந்தாறு கிலோ குறையும். அதை மட்டும் கடையில் சில்லறையாக வாங்குவாள்.

ரேஷன் புழுங்கலைச் சமைப்பதில் கைப்பக்குவம் இருக்கிறது. அதை எழுதினால் அவள் உயிரோடு வருவாள். கழுநீர் தெளியும்வரை நாலைந்து தடவை களைய வேண்டும், இல்லையென்றால் கிடங்கு வாடை போகாது. அரை மணி நேரம் ஊறவைத்தால் கேஸும் மிச்சமாகும். குக்கரில் வைத்தால் பல சமயம் குழைந்துவிடும், அதனால் நிறையத் தண்ணீரில் வேகவிட்டு வடிப்பாள். பொன்னியைப் போல முழுவதும் வெந்த பிறகு வடித்தால் சோறு உடைந்துபோகும். நடுவில் ஒரு சிறு பொட்டு மிச்சமிருக்கும்போதே சாய்க்க வேண்டும், மூடியின் சூட்டில் மீதி வெந்துகொள்ளும். கதையில் முதல் நாள் அவள் பொன்னியின் பழக்கத்திலேயே வடித்துக் குழைத்துவிடட்டும். கணவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். பையன்தான் "ஏம்மா இன்னிக்குக் களியா?" என்பான். சரக்குப் பொறுப்புப் பார்த்தவர், அரிசியைக் கையில் எடுத்தாலே ரகம் சொல்பவர், ரேஷன் அரிசியைத் தின்னும்போது பேசாமல் இருப்பதற்கு நீங்கள் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

இன்னொரு சங்கதி. 2023-லிருந்து ரேஷனில் வந்தது செறிவூட்டப்பட்ட அரிசி. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில், இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்துச் செய்த அரிசி மணிகளைக் கலந்தார்கள். அந்த மணிகள் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், தண்ணீரில் மிதக்கும். "பிளாஸ்டிக் அரிசி" என்று சொல்லி முறத்தில் வைத்துப் பொறுக்கி எறியும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அத்தை திண்ணையில் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொடுத்து, இவளும் பொறுக்கிவிட்டு, சத்தையெல்லாம் கோழிக்குப் போடுவதாக எழுதினால் அது நடப்பது. மகள் பள்ளியில் கேட்டுவந்து திருத்துவதும் நடப்பது.

பருப்பில் கணக்கு இன்னும் இறுக்கம். நான்கு பேருக்கு நிறைவாகச் சாம்பார் வைக்க நூறு கிராம் துவரம்பருப்பு வேண்டும். ரேஷனில் வருவது ஒரு கிலோ. எனவே மாதத்தில் சாம்பார் பத்து நாள்தான். வெளியில் அப்போது கிலோ 160-க்கு மேல், வாங்க மாட்டாள். மீதி இருபது நாளை எப்படி நிரப்புகிறாள்? சுண்டைக்காய் வற்றல் குழம்பு, மிளகுக் குழம்பு, மோர்க்குழம்பு. கொல்லை முருங்கைக்கீரையைப் பொரியலாக்கி, பூண்டு தட்டிய ரசம். சந்தையில் மலிவாக வரும் வாழைத்தண்டும் வாழைப்பூவும். இவற்றில் வற்றல் குழம்பும் மிளகுக் குழம்பும் நல்லெண்ணெய் கேட்கும். பாமாயிலில் வைத்தால் ருசி நிற்காது. அதனால் கால் லிட்டர் நல்லெண்ணெய் அவள் மளிகைச் சீட்டில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் நிறுத்தியவள் இதை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கும் வாசகருக்குப் பதில் அந்தக் குழம்பிலேயே இருக்கிறது: முதல்நாள் வைத்த குழம்பு மறுநாள் காலை பழைய சோற்றுக்கும் ஆகும். இரண்டு வேளையை ஒரு அடுப்பில் முடிக்கிறாள்.

அந்தப் பத்துச் சாம்பாரை எந்தெந்த நாளுக்கு வைக்கிறாள் என்று திட்டமிடுங்கள். பள்ளி இல்லாத சனி, ஞாயிறில் வைப்பாள், பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். விருந்தாளி வந்துவிட்டால் ஒன்று கையை மீறிப் போகும். ரேஷன் கடையில் பருப்பு எப்போதும் முதல் வாரமே வந்துவிடுவதில்லை. அந்த ஆண்டு மே மாதத்தில் பருப்பும் பாமாயிலும் வரத் தாமதமாகி, மே மாதப் பங்கை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவித்தது. உங்கள் கதையில் அப்படி ஒரு தடவை, "பருப்பு இன்னும் லோடு வரலைம்மா" என்ற ஒற்றை வரி, பத்துச் சாம்பாரையும் மாதத்தின் பின்பாதிக்குத் தள்ளிவிடும். கைரேகை வைக்க அட்டையில் பேர் உள்ள ஒருவர் போக வேண்டும், அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி வாங்கிவர முடியாது. ஆக அவள் மூன்று தடவை நடப்பாள், அல்லது இப்போது வீட்டிலிருக்கும் கணவர் முதல்முறையாக ரேஷன் வரிசையில் நிற்பார். நான் இரண்டாவதை எழுதுவேன்.

கேஸைப் பற்றிச் சுருக்கமாக: ஒரு சிலிண்டர் முப்பது நாள் வந்த வீட்டில் நாற்பது நாள் இழுக்கலாம். அதற்குமேல் இழுத்ததாக எழுதினால் நம்ப முடியாது. கொல்லையில் மூன்று கல் வைத்து, தென்னை மட்டையிலும் பாளையிலும் குளிக்கத் தண்ணீர் காய்ச்சுவது, சோறு வடிப்பது. ஆடிக்காற்றில் அந்த அடுப்பு நின்று எரியாது, தட்டி கட்ட வேண்டும். ஐப்பசி மழையில் மட்டை நனைந்துவிடும். அப்போது மறுபடி கேஸ்தான்.

இனி நகை. இது கதையின் நடு. அவளிடம் தாலிச்சங்கிலி மூன்று சவரன், 24 கிராம். எப்போது வைக்கிறாள் என்பதற்கு அந்த ஆண்டு நாள்காட்டியே ஒரு வழி தருகிறது. ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. காவிரிக்கரைப் பெண்கள் அன்று புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். ஊரில் எல்லாக் கழுத்திலும் புதுக் கயிறு இருக்கும் அந்த ஒரு வாரத்தில், சங்கிலி இல்லாத கழுத்து தனியாகத் தெரியாது. திருமாங்கல்யத்தை அவள் அடகு வைக்க மாட்டாள். அதைக் கயிற்றில் கோத்துக்கொண்டு சங்கிலியை மட்டும் கழற்றுவாள். வெள்ளிக்கிழமை தங்கத்தை வெளியே கொடுக்க மாட்டார்கள், ஆகவே முந்தின நாள் முடியாது. திங்கள்கிழமை ஆகஸ்ட் 5. முன்பு சம்பளம் வந்துகொண்டிருந்த அதே தேதி. புதன்கிழமை குழுத் தவணை.

எங்கே வைக்கிறாள்? ஊரிலுள்ள கூட்டுறவுச் சங்கத்தில் வட்டி குறைவு, ஆனால் வாசலில் நிற்பவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். கும்பகோணத்துக்குப் போய் வங்கியில் வைப்பாள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. புறநகர்ப் பேருந்தில் ஏறினால் டிக்கெட் உண்டு. அவசரத்தில் வந்த முதல் பஸ்ஸில் அவளை ஏற்றிவிடாதீர்கள், அந்த வித்தியாசம் அவளுக்கு மனப்பாடம். வங்கியில் மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார், எடை போடுவார், கொக்கியில் வேறு உலோகம் இருந்தால் கழிப்பார். காலையில் போனால் கைக்கு வர மதியம் ஆகும். பணம் அவள் சேமிப்புக் கணக்கில் ஏறும், மதிப்பீட்டுக் கூலி கழிந்திருக்கும். விவசாய நகைக்கடன் கேட்டால் நிலத்தின் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். இவர்களுக்கு நிலம் இல்லை, சாதாரண நகைக்கடன்தான்.

எவ்வளவு கிடைக்கும்? ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தார்கள். சவரன் விலை ஒரே நாளில் 2,000 ரூபாய்க்கு மேல் இறங்கியது. ஆகஸ்ட் தொடக்கத்தில் சவரன் 51,000-ஐ ஒட்டி இருந்தது. மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் தரலாம் என்பது அப்போதைய விதி. மூன்று சவரனுக்கு ஒரு லட்சத்துக்கு மேலேயே கொடுப்பார்கள். அவள் எவ்வளவு வாங்குகிறாள்? இங்கேதான் அந்த 4,485 வருகிறது. ஆறு மாதத்துக்கு 26,910. முப்பதாயிரம் வாங்கினால், ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் ஆறு மாதத்துக்கு 1,500. இரண்டும் சேர்ந்து 28,410. முப்பதுக்குள் நிற்கிறது, அவசரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு மிச்சம்.

இதே முப்பதாயிரத்தைக் கடைத்தெரு அடகுக்கடையில் இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால், மாதம் 600, ஆறு மாதத்துக்கு 3,600. மொத்தம் 30,510. தை பிறப்பதற்கு முன்பே பணம் தீர்ந்துவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் மாதம் 350 ரூபாய்தான், ஆனால் அது ஆறாவது மாதத்தைத் தின்றுவிடுகிறது. அடகுக்கடைக்காரரை வில்லனாக்காமலே, இந்த எண்ணை மட்டும் அவள் நோட்டின் ஓரத்தில் கூட்டிப் பார்க்கட்டும். அடகுக்கடைக்கு ஏன் ஆட்கள் போகிறார்கள் என்பதும் புரிய வேண்டும்: சாயங்காலம் ஏழு மணிக்கும் திறந்திருக்கும், பத்து நிமிடத்தில் பணம், படிவம் நிரப்பத் தெரியாதவர் கூச்சப்பட வேண்டியதில்லை.

கணவன் மனைவி மோதலை இந்தத் தொகையின் மேல் வையுங்கள். வேலை போனதற்காக அவர் குடித்தார், அடித்தார் என்று கொண்டுபோவது பழகிப்போன பாதை. ஒழுங்கான மனிதர் ஒருவர் நல்ல எண்ணத்தோடு தவறாகக் கணக்குப் போடுவது இதைவிடக் கனமானது. ஞாயிற்றுக்கிழமை இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, இப்படி இருக்கலாம்:

"ஒரு லட்சம் வரைக்கும் தருவாங்களாம்ல?"

"முப்பது போதுங்க."

"எப்படியும் வைக்கத்தானே போறோம். மிச்சத்தைப் போட்டுப் பழைய லோடு ஆட்டோ ஒண்ணு பாத்தா, நெல் மூட்டையே ஏத்தலாம்."

"எந்த நெல்லுங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. அவள் நோட்டை விளக்குக்குக் கிட்டத்தில் நகர்த்தினாள்.

"முப்பதுன்னா தையில மீட்டுடலாம். லட்சத்தை எந்தத் தையில மீட்கறது?"

இதற்குமேல் அந்தக் காட்சியில் ஒரு வரியும் வேண்டாம். கணக்கை வாசகர் முன்பே பார்த்திருப்பார், நீங்கள் மறுபடி விளக்கினால் அவள் பேச்சின் கூர்மை போய்விடும்.

கயிற்றுக்குத் திரும்புவோம். ஆடிப்பெருக்கின் மறைப்பு அதிக நாள் நீடிக்காது. ஆவணியில் முதல் கல்யாணத்துக்கு எல்லோரும் சங்கிலியோடு வருவார்கள். யாராவது கேட்பார்கள். "கொக்கி விட்டுப்போச்சு, பத்தவைக்கக் குடுத்திருக்கேன்" என்பதுதான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற பதில். கேட்பவளுக்கும் அர்த்தம் தெரியும். அந்தக் கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டும். தன் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் 500 எழுதியிருந்தால் இவள் 500-க்குக் குறைத்து எழுத முடியாது. நான் முதலில் கொடுத்த 4,485-ல் மொய்யும் மருந்தும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மிச்சமாக நின்ற ஆயிரத்து ஐந்நூறும் இப்படித்தான் கரையும். வேண்டுமென்றேதான் அப்படி விட்டேன். எல்லாம் சரியாக அடைபடும் கணக்கு வைத்திருக்கும் வீடு கிடையாது.

உரிமைத் தொகை வரும் நாளிலும் ஒரு பொறி உண்டு. அவள் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாமல் அபராதம் நிலுவையில் நின்றிருந்தால், வங்கி முதலில் அதைக் கழித்துக்கொண்டதும் உண்டு. ஆயிரம் என்று நம்பி மளிகைக்காரரிடம் தேதி சொன்னவளுக்கு எழுநூறு வந்தால் மீதிக்கு எங்கே போவாள்? பையன் உண்டியலை உடைப்பதாக எழுதாதீர்கள், அது எல்லோரும் எழுதியது. பால் அட்டையில் அந்த வாரம் நான்கு நாள் கோடு போட்டிருக்கட்டும். அந்த நான்கு நாளும் அரை லிட்டர், 88 ரூபாய். காலையில் கடுங்காப்பி. உறைமோருக்கு மட்டும் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி கேட்பாள். தயிர் கேட்கிறாள் என்று தோன்றாமல் உறைமோர் கேட்கிறாள் என்று தோன்ற வேண்டும், அதனால் சின்னக் கிண்ணமாக எடுத்துக்கொண்டு போவாள்.

கதையை எங்கே நிறுத்துவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தை வரை இழுத்துக்கொண்டு போய் நகையை மீட்டுக்கொடுக்க வேண்டாம், சிறுகதைக்கு அது அதிக தூரம். செப்டம்பர் 5-ஆம் தேதி காலையில் நிறுத்தலாம். அது வியாழக்கிழமை. சம்பளம் இல்லாத இரண்டாவது ஐந்தாம் தேதி. சம்பா நாற்றங்காலுக்கு வரப்பு வெட்டும் வேலை இருக்கிறது என்று கணவர் மண்வெட்டியோடு கிளம்பியிருப்பார். அவள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, மேலே இடப்பக்கம் கையிலிருப்பை எழுதுவாள். வலப்பக்கம் முதல் வரி "குழு 2,200". இரண்டாவது வரியில் "பருப்பு" என்று எழுதி, தொகையை எழுதாமல், இன்று லோடு வருமா என்று பார்த்துவர அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள்.